துளையுள்ள செருப்பும் வழுக்கிய தரையும்: திருகோணமலை விடுதியொன்றின் குளியலறை நிகழ்வு ஆய்வு

பின்னணி

உப்புவெளியிலிருந்து நிலாவெளி செல்லும் கரையோரப் பகுதியில், ஒரே உரிமையாளரின் கீழ் இரண்டு கட்டடங்கள் இயங்கி வந்தன. ஒன்று, சிறிய நீச்சல் தடாகம் உள்ள சுற்றுலா விடுதி. மற்றையது, அதற்குப் பின்புறமாக, ஹோட்டல் தொழிற்பயிற்சிக்கு வரும் பெண் பிள்ளைகள் தங்கும் மாடிக் கட்டடம். இரண்டுக்கும் பொருட்கள் ஒரே இடத்திலிருந்தே வாங்கப்பட்டன. இரண்டின் பராமரிப்பும் என் பொறுப்பில் இருந்தது.

தடாகத்தைச் சுற்றி நடப்பதற்காக, உரிமையாளர் மொத்தமாகச் செருப்புகளை வரவழைத்திருந்தார். ஈ.வி.ஏ. எனப்படும் இலேசான நுரைப் பொருளில் ஒரே அச்சாக வார்க்கப்பட்ட அவற்றில், பாதத்தின் மேற்புறம் அகன்ற பட்டியும், அடித்தட்டில் மேலிருந்து கீழாக ஊடுருவிச் செல்லும் துளைகளும் இருந்தன. விற்பனையாளர் ஒரு போத்தல் தண்ணீரைச் செருப்பின் மேல் ஊற்றி, அது கீழே வழிந்தோடுவதைக் காட்டித்தான் விற்றிருந்தார். தடாகக் கரையில் அவை நன்றாகவே பயன்பட்டன. விருந்தினர் எவரும் வழுக்கியதாக முறையிடவில்லை. பருவம் முடிந்தபோது மீதமிருந்த சோடிகள் பயிற்சிப் பிள்ளைகளின் குளியலறைகளுக்கு அனுப்பப்பட்டன. தளமொன்றுக்குச் சில சோடிகள் வாசலில் கிடக்கும், குளிக்கப் போகிறவர் கிடைத்ததை மாட்டிக்கொண்டு போவார் என்பதே ஏற்பாடு.

என்ன நடந்தது

வாடைக் காற்றும் மழையும் தொடங்கிய பின்னரான சில வாரங்களுக்குள், மேல் தளக் குளியலறையில் பிள்ளைகள் வழுக்கி விழத் தொடங்கினார்கள். முதலில் அவை சிரித்துவிட்டுப் போகும் விழுகைகளாகவே இருந்தன. பின்னர் ஒரு பிள்ளை, தலையை அலசிவிட்டுக் குழாயை மூடத் திரும்பியபோது குதிக்கால் முன்னோக்கிச் சறுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு எலும்பில் வெடிப்பு ஏற்பட்டது. செருப்பில்லாமல் குளித்தவர்களைவிட, செருப்போடு குளித்தவர்களே கூடுதலாக விழுந்திருந்தார்கள் என்பது விடுதிப் பொறுப்பாளர் சொன்னதிலிருந்து தெரிந்தது. “துளை இருக்கிறபடியால் வழுக்காது என்றுதானே எங்களுக்குத் தந்தவை?” என்று அவர் கேட்டார்.

அந்தக் கேள்வியே ஆய்வின் தொடக்கமானது. தடாகக் கரையில் ஒருவரையும் வீழ்த்தாத அதே செருப்பு, சற்றுத் தள்ளியுள்ள குளியலறையில் ஏன் வீழ்த்துகிறது?

தரையைப் பார்த்தது

தடாகத்தைச் சுற்றியுள்ள தளம், சிறு கற்கள் வெளித்தெரியும்படி கழுவி முடிக்கப்பட்ட சீமெந்துத் தளம். கையால் தடவினால் உள்ளங்கையில் சொரசொரப்பு உறைக்கும். குளியலறையிலோ, சுவருக்கு ஒட்டும் வகையைச் சேர்ந்த, கண்ணாடிபோல மெருகேறிய வெள்ளை டைல் தரைக்கும் ஒட்டப்பட்டிருந்தது. நிறம் பொருந்த வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஈரத் தரையில் வழுக்குவதற்குக் காரணம், காலுக்கும் தரைக்கும் இடையில் சிக்கிக்கொள்ளும் மெல்லிய நீர்ப்படலம். தரையில் நுண்ணிய மேடுபள்ளம் இருந்தால், மேடுகள் அந்தப் படலத்தைத் துளைத்துச் செருப்பின் அடியைத் தொடும். மனிதக் கண்ணுக்குத் தெரியாத அளவு மேடுகளே இதற்குப் போதுமானவை. தெளிந்த நீர் மட்டும் படும் தரைக்கு, மேட்டின் உச்சிக்கும் பள்ளத்தின் அடிக்கும் இடையே சுமார் 20 மைக்ரோன் உயர வேறுபாடு இருந்தாலே வழுக்கும் வாய்ப்பு குறைவு என்று பிரித்தானியப் பாதுகாப்பு வழிகாட்டல் கொள்கிறது. 10 மைக்ரோனுக்குக் கீழே போனால் ஆபத்து அதிகம். மெருகேறிய டைல் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அத்தகைய தரையில் மேடுகள் செய்ய வேண்டிய வேலையைச் செருப்பின் அடியே செய்தாக வேண்டும்.

சவர்க்காரமும் ஷாம்பூவும் கலந்த நீர் வெறும் நீரைவிடத் தடிப்பானது. அது அவ்வளவு விரைவில் விலகிப்போகாது. தலைமுடிக்குப் பூசும் கண்டிஷனர் இவை எல்லாவற்றிலும் மோசமானது, ஏனெனில் அது வழுவழுப்பாக்கும் நோக்கத்துடனேயே தயாரிக்கப்படுகிறது. விழுகைகள் பெரும்பாலும் தலை அலசும்போதோ, அலசி முடிந்த உடனேயோ நடந்திருந்ததற்கும் இதுவே விளக்கம்.

இன்னொன்றும் தெரியவந்தது. அந்தக் கட்டடத்துக்கு வரும் குழாய்க்கிணற்று நீர் கடினமானது. அதில் சவர்க்காரம் நுரைக்கச் சிரமப்படும், எஞ்சுவது சாம்பல் நிறமான பிசுபிசுப்பாகத் தரையில் படியும். காய்ந்திருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. ஈரமான தரையை நகத்தால் சுரண்டினால் நக நுனியில் வெள்ளைப் பசைபோல வரும். சுத்தம் செய்பவர் நாள்தோறும் சலவைத்தூள் கரைத்துத் தரையைத் தேய்த்தார், ஆனால் மாடிக்குத் தண்ணீர் அழுத்தம் குறைவாக இருந்ததால் கழுவிவிடுவது அரைகுறையாகவே முடிந்தது. அவர் தேய்த்த தேய்ப்பு ஒவ்வொன்றும் படிவத்தைக் கூட்டியது.

செருப்பைப் பார்த்தது

அடிப்புறத்தை ஈரமாக்கி, காய்ந்த சீமெந்தில் பாரம் கொடுத்து அழுத்தி எடுத்தால், தரையைத் தொடும் பகுதி அச்சாகப் பதியும். புதிய சோடியில் பதிந்தது, சிறு வட்டக் குமிழ்களும் அவற்றுக்கிடையே ஊடு துளைகளின் வாய்களும்தான். துளையிலிருந்து செருப்பின் விளிம்புக்குச் செல்லும் வாய்க்கால் ஒன்றுகூட இல்லை. இந்த ஒரு குறையே பல விடயங்களை விளக்கியது.

ஊடு துளை என்பது, பாதம் வைக்கும் பலகையில் தேங்கும் நீரைக் கீழே இறக்குவதற்கானது. அது செருப்பைச் சீக்கிரம் உலர வைக்கும், பாதத்துக்கும் செருப்புக்கும் இடையே சவர்க்கார நீர் தேங்காமல் பார்க்கும். தரைக்கும் செருப்புக்கும் இடையிலுள்ள நீரை அகற்றுவது அதன் வேலை அல்ல. பாதம் அழுத்தும்போது துளையின் மேல் வாய் பாதத்தாலும் கீழ் வாய் தரையாலும் அடைபடும். அந்தக் கணத்தில் நீருக்கு விலகிச் செல்ல இருக்கும் ஒரே வழி பக்கவாட்டில் விளிம்பை நோக்கிய வாய்க்கால். அது இல்லையென்றால் நீர் அடியிலேயே தங்கும். வீட்டு முற்றத்தில் மழைநீர் தேங்குவதும் தேங்காததும் அது வெளியே ஓட வாய்க்கால் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது போலத்தான் இதுவும். கிண்ணம்போலக் குழிந்த அடிப்புறக் கோலங்களும் இதே காரணத்தால் நம்பத்தக்கவை அல்ல. ‘உறிஞ்சிப் பிடிக்கும்’ என்று சொல்லி விற்கப்படும் அவை, நடக்கும்போது நீரைச் சிறைப்பிடிக்கின்றன.

அடுத்தது பொருள். ஈ.வி.ஏ. நுரையின் கண்ணறைகள் மூடியவை. ஆகவே அது நீரை உறிஞ்சாது, துடைத்தால் அந்த இடத்திலேயே காய்ந்துவிடும், இலேசாகவும் இருக்கும். தடாகக் கரைக்கு இவை நல்ல குணங்கள். ஆனால் அச்சில் வார்க்கும்போது அதன் மேற்பரப்பில் வழவழப்பான தோல் ஒன்று உருவாகிறது. அந்தத் தோல் சொரசொரப்பான சீமெந்தில் பிடித்துக்கொள்ளும், மெருகேறிய ஈர டைலில் பிடிக்காது. இயற்கை இறப்பர் அப்படியல்ல. அது மென்மையாக வளைந்து சிறு மேடுகளையும் தழுவிக்கொள்ளும்.

மூன்றாவதாக ஒரு விடயம் தற்செயலாகக் கண்ணில் பட்டது. கச்சான் காற்று வீசிய கோடையில், சுத்தம் செய்பவர் செருப்புகளைக் கழுவித் தண்ணீர்த் தாங்கிக் கொட்டிலின் தகரக் கூரையில் காயப்போட்டிருந்தார். உச்சி வெயிலில் சுடும் தகரத்தின் வெப்பத்தை ஈ.வி.ஏ. தாங்காது. அது சுருங்கும், அடிப்புறம் தோணிபோல் வளையும். இதைக் கண்டுபிடிக்க, செருப்பை மட்டமான டைலில் வைத்து, குதிப்பகுதியின் கீழ் ஒரு தாளைச் செருகிப் பார்த்தால் போதும். தாள் உள்ளே போனால் செருப்பு வளைந்துவிட்டது. எங்களிடம் இருந்த சோடிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் தாள் தாராளமாகப் போனது. அதாவது, குதிக்கால் முதலில் தரையைத் தொடும் இடத்தில் அடிப்புறம் முழுமையாகப் படியவேயில்லை.

இரண்டு வகைச் சறுக்கல்

விழுந்தவர்களிடமும் வழுக்கிச் சமாளித்தவர்களிடமும் தனித்தனியாகக் கேட்டதில், எல்லோரும் ஒரே விதமாக வழுக்கவில்லை என்பது தெளிவானது. சிலருக்குச் செருப்பும் காலும் சேர்ந்தே தரையில் சறுக்கின. வேறு சிலருக்குச் செருப்பு நின்ற இடத்திலேயே நிற்க, சவர்க்காரம் பட்ட பாதம் செருப்புக்குள் முன்னோக்கி நழுவி, விரல்கள் முனையைத் தாண்டித் தரையில் இடித்தன. பின்னையவர்களில் பலர் தம் அளவைவிடப் பெரிய செருப்பை மாட்டியிருந்தார்கள். வாசலில் கிடப்பதைப் போட்டுக்கொள்ளும் ஏற்பாட்டில் அது நேரத்தான் செய்யும்.

இந்தப் பிரிவு முக்கியமானது, ஏனென்றால் இரண்டுக்கும் மருந்து வேறு. முதல் வகைக்கு அடிப்புறமும் தரையும் மாற வேண்டும். இரண்டாவது வகைக்குப் பாதப்பலகையின் சொரசொரப்பும், அதிலிருந்து நீர் வடியும் வழியும், அளவும், பாதத்தைப் பிடிக்கும் வாரும் சரியாக இருக்க வேண்டும். அகன்ற பட்டிச் செருப்பில் பாதம் முன்னே நழுவுவதைத் தடுக்க எதுவும் இல்லை. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே வார் உள்ள செருப்பில், அந்த வாரே தடையாக நிற்கும்.

மீன் தராசுச் சோதனை

புதிய செருப்பு வாங்குவதற்கு முன், அதை எங்கள் தரையிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தீர்மானித்தோம். ஆய்வுகூடக் கருவிகள் இங்கு கிடையாது. மீன் விற்பவர்கள் பயன்படுத்தும் தொங்கு தராசு ஒன்று கிடைத்தது. செருப்பின் மேல் 5 கிலோ அரிசிப் பையை வைத்து, அடித்தட்டின் உயரத்தில் கயிறு கட்டி, தராசினால் தரைக்குச் சமாந்தரமாக இழுத்து, செருப்பு நகர்ந்துகொண்டிருக்கும்போது தராசு காட்டும் அளவைக் குறித்தோம். அந்த அளவைப் பாரத்தால் வகுத்தால் உராய்வு விகிதம் வரும். மட்டமான தரையில் சாதாரணமாக நடப்பதற்கு அந்த விகிதம் ஏறக்குறைய 0.2 முதல் 0.3 வரை தேவைப்படும். திரும்பும்போதும் விரையும்போதும் தேவை கூடும்.

தடாகச் செருப்பு, ஈரமான தடாகத் தளத்தில் 3 கிலோ அளவு இழுத்த பின்னரே நகர்ந்தது; விகிதம் 0.6. குளியலறை டைலில் வெறும் நீரில் 1.5 கிலோவில் ஓடியது, அதாவது 0.3. ஷாம்பூ கரைத்த நீரைத் தெளித்ததும் அரைக் கிலோ இழுப்பே போதுமாயிற்று. விகிதம் 0.1 என்றால் விழாமல் நடப்பதே ஆச்சரியம். அடியில் மீன்முள் கோலம்போல் விளிம்புவரை ஓடும் வாய்க்கால்கள் கொண்ட இறப்பர் வார்ச் செருப்பு, அதே டைலில் வெறும் நீரில் 3 கிலோ தாங்கியது. ஷாம்பூ நீரில் அதுவும் 1.2 கிலோவுக்கு இறங்கியது.

கடைசி எண்தான் எங்களை நிதானிக்க வைத்தது. 0.24 என்பது தேவையின் எல்லையில் நிற்கும் எண். சந்தையில் கிடைத்தவற்றில் சிறந்த செருப்பு கூட, இந்தத் தரையில், இந்தச் சவர்க்கார நீரில், போதுமானது என்று சொல்லிவிட முடியாது.

சோதனைக்கு வரம்புகளும் உண்டு. பையை வைத்துவிட்டுச் சற்றுத் தாமதித்தால் அடியிலுள்ள நீர் பிதுங்கி வெளியேறி, அளவு பொய்யாகக் கூடும். ஆகவே வைத்த உடனேயே இழுக்க வேண்டும். 5 கிலோ என்பது மனிதப் பாரம் அல்ல, குதிக்கால் தரையைத் தொடும் வேகமும் இதில் இல்லை. இரண்டு செருப்புகளை ஒப்பிட இது உதவும், ‘பாதுகாப்பானது’ என்று சான்று கொடுக்க உதவாது.

ஒரு சிறு முயற்சியாக, பழைய தடாகச் செருப்பொன்றின் அடியில் கூரிய கத்தியால் குறுக்காக, விளிம்புவரை, 2 மில்லிமீற்றர் ஆழத்தில் வாய்க்கால்கள் வெட்டினோம். வெறும் நீரில் பிடிப்பு தெளிவாகக் கூடியது. ஷாம்பூ நீரில் வேறுபாடு மிகச் சிறிது. வாய்க்காலின் பயனையும், பொருளின் வழவழப்பை வாய்க்காலால் மட்டும் வெல்ல முடியாது என்பதையும் அது ஒருங்கே காட்டியது. வெட்டிய இடங்களில் நுரை விரைவில் கிழியத் தொடங்கியதால், அதை ஒரு தீர்வாகக் கொள்ளவில்லை.

எடுத்த முடிவுகள்

தரையை முதலில் சரிசெய்வது என்று முடிவெடுத்தோம். படிவம் சுண்ணாம்பும் சவர்க்காரமும் சேர்ந்தது என்பதால் அது காரச் சலவைத்தூளுக்கு அசையாது, மென்மையான அமிலத்துக்கே கரையும். வினாகிரியை நீரோடு கலந்து, சிறிது நேரம் ஊறவிட்டு, கடினத் தூரிகையால் தேய்த்து, நிறைய நீரால் கழுவினோம். டைல்களுக்கு இடையிலுள்ள சீமெந்துப் பூச்சை அமிலம் அரிக்கும் என்பதால் அதிக நேரம் ஊறவிடவில்லை. வெளிற்றும் குளோரின் திரவத்தையும் அமிலத்தையும் ஒரே நாளில் பயன்படுத்தக்கூடாது என்று சுத்தம் செய்பவருக்கு எழுதிக் கொடுத்தோம். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வெளிவரும், மூடிய குளியலறையில் அது உயிராபத்து. நாளாந்தச் சுத்திகரிப்பில் சலவைத்தூளின் அளவைக் குறைத்து, கழுவும் நீரைக் கூட்டுவதற்காகக் கீழ்த் தளத்திலிருந்து நீண்ட குழாய் ஒன்றை இணைத்தோம்.

செருப்பில், மூடிய கண்ணறை இறப்பரால் ஆன, வாய்க்கால் விளிம்புவரை ஓடும், விரலிடை வாருள்ள வகையைத் தேர்ந்தோம். பாதப்பலகையில் துளை கேட்கவில்லை, சொரசொரப்பான கோடுகளை மட்டும் கேட்டோம். வார்ச் செருப்பின் பலகை மட்டமானது என்பதால், காலைத் தூக்கியதும் நீர் பக்கவாட்டில் வழிந்துவிடுகிறது. துணி ஒட்டிய பலகையும், பஞ்சுபோன்ற திறந்த நுரை கொண்ட பலகையும் முற்றாக விலக்கப்பட்டன. வாடைக்காலத்தில் அவை இரவு முழுவதும் விட்டாலும் காயாது. வாரின் அடிப் பொத்தான் அடித்தட்டுக்குள் அமிழ்ந்திருக்கிறதா என்றும் பார்த்தோம். அது வெளியே துருத்தினால் முன்பாதம் அந்த ஒரு பொத்தானில் நின்று வழுக்கும்.

பொதுச் செருப்பு ஏற்பாடு நிறுத்தப்பட்டு, ஆளுக்கொரு சோடி, அவரவர் அளவில், வாரில் அறை இலக்கத்துடன் கொடுக்கப்பட்டது. அளவுப் பொருத்தம் மட்டுமல்ல, சேற்றுப்புண் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் இதற்குக் காரணம். பிள்ளைகளில் இருவருக்கு விரலிடுக்கில் தோல் வெளுத்து உரிந்திருந்தது. காயவைக்க வாசலில் ஒரு சட்டம் பொருத்தி, செருப்பைக் குதிப்பக்கம் கீழாக நிறுத்தி வைக்கும்படி செய்தோம். தரையில் படுத்துக் கிடக்கும் செருப்பின் அடி காயவே காயாது.

தடாகச் செருப்புகளைத் தூக்கி எறியவில்லை. வளையாதவை தடாகக் கரைக்கே திரும்பின. அந்தத் தரைக்கு அவை பொருத்தமானவைதான். நிழலில் காயவைக்க வேண்டும் என்ற ஒரு கட்டளை மட்டும் சேர்க்கப்பட்டது.

அதன் பின்

அந்த மழைக்காலத்தின் எஞ்சிய பகுதியில் காயத்துடன் கூடிய விழுகை எதுவும் பதிவாகவில்லை. வழுக்கிச் சமாளித்த சம்பவங்கள் நிற்கவில்லை. அவை பெரும்பாலும் வாசற்படியில், செருப்பை மாற்றும்போது ஒற்றைக்காலில் நின்ற வேளையில் நடந்தன. அங்கே தரைச் சரிவு சரியில்லாமல் நீர் தேங்குவது பின்னர்தான் கவனிக்கப்பட்டது. கைப்பிடிக் கம்பி ஒன்று பொருத்தியதும் அது குறைந்தது. விழுகை குறைந்ததில் செருப்பின் பங்கு எவ்வளவு, தரைச் சுத்திகரிப்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது, ஏனெனில் இரண்டும் ஏறத்தாழ ஒரே வாரத்தில் மாறின. ஆனால் படிவம் நீக்கிய பிறகு பழைய தடாகச் செருப்பை அதே டைலில் மறுபடி இழுத்துப் பார்த்தபோது, வெறும் நீரில் 2 கிலோவுக்கு மேல் தாங்கியது. ஆகவே தரையின் பங்கு சிறிதல்ல என்பது என் கருத்து.

முறைப்பாடுகளும் வந்தன. இறப்பர் வெள்ளை டைலில் கறுப்புக் கோடு போட்டது. வார் பழக்கமில்லாதவர்களுக்கு விரலிடுக்கில் உரசல் ஏற்பட்டது. சிலர் அதே செருப்போடு கடற்கரைக்கும் போய் வந்தார்கள். மணலும் சீமெந்தும் சேர்ந்து அரைத்ததில், அத்தகைய சோடிகளின் குதிப்பகுதி வாய்க்கால்கள் மற்றவற்றைவிட வெகு சீக்கிரம் தேய்ந்தன. பார்வைக்குப் புதிதுபோல் இருந்த ஒரு சோடியின் குதியில் வாய்க்கால் முழுதாக மறைந்திருந்தது. அதன் இழுப்பு அளவு, வாய்க்கால் உள்ளதன் பாதிக்குச் சற்றே மேல். அன்றிலிருந்து, குதிப்பகுதியில் வாய்க்கால் மறைந்த சோடி மாற்றப்படும் என்பதே விதி. முன்பாதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது கணக்கில் எடுக்கப்படுவதில்லை, ஏனெனில் நடக்கும்போது சறுக்கல் பெரும்பாலும் குதிக்கால் படும் கணத்திலேயே தொடங்குகிறது.

அடுத்த முறை மாற்றப்படுபவை

அடுத்த கொள்வனவில் விற்பனையாளரிடம் முதலில் ஒவ்வோர் அளவிலும் ஒரு சோடி மட்டும் பெறப்படும். அது ஷாம்பூ நீர் தெளித்த எங்கள் சொந்த டைலில் இழுக்கப்பட்ட பின்னரே மொத்தக் கட்டளை கொடுக்கப்படும். வெறும் நீரில் இழுத்த அளவை வைத்து எந்த முடிவும் எடுக்கப்படாது, ஏனென்றால் இரண்டு செருப்புகளுக்கிடையே வேறுபாடு இருந்தாலும் குளிப்பவர் நிற்பது வெறும் நீரில் அல்ல. கறுப்புக் கோடு போடாத வெளிர் நிற இறப்பரும் அப்போது சோதிக்கப்படும்.

விழுகைப் பதிவேட்டில் இதுவரை திகதியும் காயமும் மட்டுமே எழுதப்பட்டன. இனி எந்த இடம், செருப்பு இருந்ததா, தரையில் சறுக்கியதா அல்லது செருப்புக்குள் நழுவியதா, அந்த வேளையில் தலைக்கு என்ன பூசியிருந்தார் என்பனவும் எழுதப்படும். மேல் தளத்தின் டைலை மாற்றுவதற்கு உரிமையாளர் உடன்பட்டிருக்கிறார், ஆனால் பணம் ஒதுக்கப்படவில்லை. மாற்றும் வேளையில், வெறுங்காலுக்கான ஈரச் சரிவுச் சோதனையில் ‘பி’ தரம் அல்லது அதற்கு மேல் பெற்ற டைலையே கேட்க வேண்டும் என்று எழுத்தில் கொடுத்துள்ளோம். சவர்க்கார நீர் ஓடவிட்ட சரிவுப் பலகையில் வெறுங்காலுடன் நடப்பவர், குறைந்தது 18 பாகைச் சரிவுவரை வழுக்காமல் நின்றால் அந்தத் தரம் கிடைக்கும். அத்தகைய டைல் சொரசொரப்பானது, அழுக்கும் அதில் கூடுதலாகத் தங்கும். ஆகவே நீண்ட குழாயும் கடினத் தூரிகையும் அப்போதும் தேவைப்படும்.